எழுதியது சி, ஒலிப்பது பி ஃப்ளாட்: கிளாரினெட், சாக்ஸபோன் நொடேஷன் குறித்து ஓர் ஆய்வு

ஸ்டாஃப் நொடேஷனில் 'சி' என்று ஒரே ஒரு ஸ்வரம் எழுதிய தாளைப் பியானோ, பி ஃப்ளாட் கிளாரினெட், ஆல்டோ சாக்ஸபோன் ஆகிய மூன்றின் முன்னும் வைத்து வாசிக்கச் சொன்னால், மூன்று வெவ்வேறு ஸ்வரங்கள் கேட்கும். பியானோவில் சி ஒலிக்கும்; கிளாரினெட்டில் பி ஃப்ளாட்; சாக்ஸபோனில் இ ஃப்ளாட். நம் ஊர்க் கட்டைக் கணக்கில் சொன்னால், ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் ஆறரைக் கட்டையிலும் மூன்றாமவர் இரண்டரைக் கட்டையிலும் ஊதுகிறார்கள். மூவரும் தாளில் உள்ளதைத்தான் சரியாக வாசித்திருக்கிறார்கள்.

எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே இப்படி நிலையான இடைவெளி வைத்து எழுதப்படும் கருவிகளை மேற்கத்திய இசையில் டிரான்ஸ்போசிங் கருவிகள் என்கிறார்கள். இந்த ஏற்பாடு எப்படி வந்தது, எப்படி இயங்குகிறது, கருவியின் இயல்பே இதைக் கட்டாயமாக்குகிறதா அல்லது மனிதர்கள் வசதிக்காகத் தேர்ந்துகொண்ட வழக்கம்தானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வழக்கமான விளக்கங்களும் அவற்றின் குறைகளும்

முதலில் கிடைக்கும் விளக்கம், "கிளாரினெட் பி ஃப்ளாட்டில் சுருதி சேர்த்துச் செய்யப்பட்ட கருவி" என்பது. இது பாதி உண்மை. பி ஃப்ளாட் கிளாரினெட்டின் ஆகக் கீழான ஸ்வரம் பி ஃப்ளாட் அல்ல. தாளில் அது இ, காதில் டி. பி ஃப்ளாட் ஒலிக்கும்போது அந்தக் கருவியில் தனியாக எதுவும் நிகழ்வதும் இல்லை. கருவியின் பெயரில் உள்ள 'பி ஃப்ளாட்' ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: தாளில் சி என்று எழுதினால் பி ஃப்ளாட் கேட்கும்.

இரண்டாவது விளக்கம், ஸ்வரங்களை ஐந்து கோடுகளுக்குள் அடக்கவே மாற்றி எழுதுகிறார்கள் என்பது. மிகத் தாழ்ந்து ஒலிக்கும் பாரிடோன் சாக்ஸபோனுக்கு இது ஓரளவு பொருந்தும். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் எழுத்துக்கும் ஒலிக்கும் இரண்டே அரைச்சுர வித்தியாசம். அதைச் சேர்ப்பதாலோ விடுவதாலோ கோடுகளுக்கு வெளியே போகும் ஸ்வரங்களின் எண்ணிக்கை பெரிதாக மாறிவிடாது.

மூன்றாவது விளக்கம் விரல்களைப் பற்றியது. ஒரே குடும்பத்தில் பல அளவுக் கருவிகள் இருக்கும்போது, எல்லாவற்றிலும் ஒரே விரல் நிலைக்கு ஒரே ஸ்வரப் பெயர் இருந்தால் வாசிப்பவர் ஒன்றைக் கற்று எல்லாவற்றையும் வாசிக்கலாம். கேட்பதற்குப் பழகிய விளக்கம்தான். ஆனால் இதைச் சோதிக்காமல் ஏற்க முடியாது. இதற்கு மாறாக நடந்துகொள்ளும் கருவிக் குடும்பங்களும் உண்டு. சோதனைக்கு முன் கிளாரினெட்டின் குழலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2. கிளாரினெட்: குழலின் பிடிவாதம்

1700ஆம் ஆண்டையொட்டி நியூரம்பர்கில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் என்ற கருவிக் கைவினைஞர் கிளாரினெட்டுக்கு உருவம் கொடுத்தார். அதன் குழல் பெரும்பாலும் சீரான உருளை. ஊதும் முனை மூடிய குழாயைப் போல நடந்துகொள்கிறது. இத்தகைய குழாயில் அடிப்படை ஒலியின் ஒற்றைப்படை மடங்குகளே வலுவாக எழும். அதனால் கட்டைவிரலுக்கு அருகிலுள்ள ரிஜிஸ்டர் சாவியைத் திறந்தால் ஒலி இரண்டு மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவாமல் மூன்று மடங்குக்குத் தாவுகிறது. அதாவது ஒரு ஸ்தாயியையும் தாண்டி, 19 அரைச்சுரம் மேலே போகிறது. ஓபோவிலும் சாக்ஸபோனிலும் குழல் கூம்பு வடிவம் என்பதால் தாவல் ஒரு ஸ்தாயிதான், 12 அரைச்சுரம்.

இதன் விளைவு விரல்களில் தெரியும். ஒரு ஸ்தாயியில் தாவும் கருவியில் 12 அரைச்சுரங்களுக்கு விரல் நிலை கண்டுபிடித்தால் போதும். அதன்பின் அதே நிலைகள் மேலே திரும்ப வரும். கிளாரினெட்டிலோ விரல் நிலைகள் திரும்புமுன் 19 அரைச்சுரங்களுக்கு வழி செய்தாக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளாரினெட்டுகளில் ஐந்து சாவிகள் இருப்பதே வழக்கமாக இருந்தது. எழுதப்பட்ட சி, எஃப், ஜி மேஜர்களில் விரல்கள் இயல்பாக ஓடின. ஷார்ப்களும் ஃப்ளாட்களும் கூடிய மேஜர்களில் நடுவில் ஒரு துளையைத் திறந்து கீழே உள்ளதை மூடும் குறுக்கு விரலடைப்புகள் தேவைப்பட்டன. அந்த ஸ்வரங்கள் மங்கலாக ஒலித்தன, சுருதியும் தடுமாறியது.

இதற்குக் கண்ட வழி, விரலை மாற்றாமல் குழலை மாற்றுவது. சி கிளாரினெட்டைவிடச் சற்று நீளமான பி ஃப்ளாட் கிளாரினெட்டும், அதைவிட நீளமான ஏ கிளாரினெட்டும் வந்தன. ஓர் அரைச்சுரம் இறங்கக் குழல் ஏறத்தாழ 6 விழுக்காடு நீள வேண்டும். இன்றும் பி ஃப்ளாட்டையும் ஏவையும் அருகருகே வைத்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இடது கையின் கட்டைவிரலும் மூன்று விரல்களும் தத்தம் துளைகளை மூடும் நிலை, கீழ்ப்பகுதியில், மூன்று கருவிகளிலும் தாளில் சி. காதில் கேட்பதோ முறையே சி, பி ஃப்ளாட், ஏ. ஒலிப்பதையே எழுதியிருந்தால், இந்த ஒரே பிடிக்கு வாசிப்பவர் மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு, கருவியை மாற்றும்போதெல்லாம் மனத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

3. ஒரு சான்று: மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ

1791இல் மோட்சார்ட் தன் நண்பர் அன்டோன் ஸ்டாட்லருக்காக எழுதிய கிளாரினெட் கான்செர்ட்டோ (கே. 622) ஏ மேஜரில் அமைந்தது. வயலின் கலைஞர்களின் தாளில் மூன்று ஷார்ப்கள் இருக்கும். தனிக் கலைஞரின் தாளில் ஷார்ப்பும் இல்லை, ஃப்ளாட்டும் இல்லை. அவர் பார்ப்பது சி மேஜர். ஏ கிளாரினெட்டில் எழுதிய ஸ்வரம் மூன்று அரைச்சுரம் கீழே ஒலிக்கும் என்பதால், முதல் பகுதியின் கருப்பொருளைத் தொடங்கும்போது அவர் ஜி, இ என்று படிக்கிறார். அரங்கில் இ, சி ஷார்ப் கேட்கின்றன.

இதே இசையை மற்ற இரண்டு கருவிகளுக்கு எழுதிப் பார்த்தால் மோட்சார்ட்டின் தேர்வு விளங்கும். சி கிளாரினெட்டில் மூன்று ஷார்ப்கள் அப்படியே நிற்கும். பி ஃப்ளாட் கிளாரினெட்டில் எல்லாவற்றையும் இரண்டு அரைச்சுரம் உயர்த்தி எழுத வேண்டும். ஏ மேஜர் பி மேஜராகி ஐந்து ஷார்ப்கள் வந்து நிற்கும். ஐந்து சாவிக் கருவியில் அதன் வேகமான ஓட்டங்கள் ஏறக்குறைய நடவாத காரியம்.

பி ஃப்ளாட் மேஜரில் அமைந்த படைப்பில் நிலைமை தலைகீழாகும். அங்கே பி ஃப்ளாட் கிளாரினெட் கலைஞர் சி மேஜரைப் படிப்பார். ஏ கிளாரினெட்டுக்கு எழுதினால் ஐந்து ஃப்ளாட்கள் கொண்ட டி ஃப்ளாட் மேஜர் வரும். ஃப்ளாட் பக்கம் சாயும் இசைக்கு பி ஃப்ளாட், ஷார்ப் பக்கம் சாயும் இசைக்கு ஏ என்று ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் இன்றும் இரண்டு கிளாரினெட்டுகளைப் பெட்டியில் கொண்டுவருவதன் பின்னணி இதுதான்.

சாவிகள் பெருகியபின் இந்தத் தேவை மறைந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. எல்லா மேஜர்களிலும் வாசிக்கத்தக்கது என்று சொல்லி 13 சாவிக் கிளாரினெட் ஒன்றை 1812இல் பாரிஸ் கன்சர்வேட்டரியின் குழு முன் வைத்தார் இவான் முல்லர். குழு அதை ஏற்கவில்லை. ஒரே கருவி போதும் என்றாகிவிட்டால், வெவ்வேறு நீளக் கிளாரினெட்டுகளின் தனித்தனிக் குரல்களை இசையமைப்பாளர்கள் இழந்துவிடுவார்கள் என்பது குழு முன்வைத்த காரணங்களில் ஒன்று. பின்னர் க்ளோஸேயும் பஃபேயும் உருவாக்கிய போயம் முறைக் கிளாரினெட் விரல் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. அதற்குள் இரண்டு கருவிகளுக்குமாக எழுதப்பட்ட இசை மலைபோல் குவிந்திருந்தது. தேவை குறைந்தபின்னும் வழக்கம் நிலைத்ததற்கு அந்தக் குவியலே முதல் காரணம்.

4. சாக்ஸபோன்: திட்டமிட்ட குடும்பம்

கிளாரினெட்டில் காலப்போக்கில் சேர்ந்தது சாக்ஸபோனில் தொடக்கத்திலேயே திட்டமாக இருந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பிரான்சில் காப்புரிமை பெற்றபோது, பல அளவுகள் கொண்ட ஒரு குடும்பத்தையே முன்வைத்தார். சி, எஃப் சுருதிகளில் அமைந்தவை ஆர்கெஸ்ட்ராவுக்கு. பி ஃப்ளாட், இ ஃப்ளாட் சுருதிகளில் அமைந்தவை ராணுவ பேண்டுகளுக்கு. பிந்தையவை நிலைத்தன. பேண்டுகளில் ஏற்கனவே இருந்த பித்தளைக் கருவிகளும் பெரும்பாலும் இதே சுருதிகளில்தான் இருந்தன.

இன்றைய சோப்ரானோவும் டெனரும் பி ஃப்ளாட். ஆல்டோவும் பாரிடோனும் இ ஃப்ளாட். நான்குக்கும் விரல் நிலைகள் ஒன்றே. இடது கையின் மூன்று விரல்களும் அழுந்தினால் தாளில் ஜி. அதை ஆல்டோவில் ஊதினால் ஒன்பது அரைச்சுரம் கீழே பி ஃப்ளாட் ஒலிக்கும். டெனரில் பதினான்கு அரைச்சுரம் கீழே எஃப் ஒலிக்கும். சோப்ரானோவின் இடைவெளி இரண்டு அரைச்சுரம், பாரிடோனின் இடைவெளி இருபத்தொன்று. ஆல்டோ கலைஞர் ஒரே மாலையில் பாரிடோனுக்கு மாறினாலும் புதிதாக எந்த ஸ்வரத்தையும் படிக்கத் தேவையில்லை. வாய்ப்பிடியும் மூச்சும் மட்டுமே மாற வேண்டும்.

இதற்கு எதிரான ஒரு சந்தைச் சோதனையும் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சி மெலடி சாக்ஸபோன் பரவலாக விற்றது. வீட்டிலுள்ள பியானோ தாளைப் பக்கத்தில் நின்று அப்படியே வாசிக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. ஃபிராங்கி டிரம்பாயர் போன்ற ஜாஸ் கலைஞர் அதில் பெயரும் பெற்றார். ஆனால் பேண்டுகளுக்கான தாள்கள் எல்லாம் ஆல்டோவுக்கும் டெனருக்கும் எழுதப்பட்டிருந்தன. 1930களில் சி மெலடி ஏறக்குறைய மறைந்துபோனது. டிரான்ஸ்போஸ் செய்யத் தேவையில்லாத வசதி தனியாக நின்று வெல்ல முடியவில்லை.

5. விரல் விளக்கத்தைச் சோதித்தல்

இனி எதிர்ச் சான்றுகள். ரெக்கார்டர் குடும்பத்தில் சோப்ரானோவுக்கு எல்லாத் துளைகளையும் மூடினால் சி. ஆல்டோவுக்கு அதே பிடியில் எஃப். இங்கே தாளில் ஒலிக்கும் ஸ்வரத்தின் பெயரையே எழுதுகிறார்கள். கலைஞர்கள் ஒரே பிடிக்கு இரண்டு பெயர்களைக் கற்றுக்கொள்கிறார்கள், உலகம் நின்றுவிடவில்லை. டிராம்போனின் அடிப்படைச் சுருதி பி ஃப்ளாட். ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் அது ஒலிப்பதையே படிக்கிறது. ஆகவே டிரான்ஸ்போஸ் செய்து எழுதுவது குழல் விதிக்கும் கட்டாயம் அல்ல.

இதே டிராம்போன் பிரிட்டிஷ் பித்தளை பேண்டுக்குள் நுழைந்ததும் நடத்தை மாறுகிறது. அங்கே டெனர் டிராம்போனுக்கும் டிரெபிள் க்ளெஃபில் டிரான்ஸ்போஸ் செய்துதான் எழுதுவார்கள். சிறிய கார்னெட் முதல் பெரிய டியூபா வரை ஏறத்தாழ எல்லாக் கருவிகளுக்கும் இதே முறை. பாஸ் டிராம்போன் மட்டும் விலக்கு. கார்னெட் வாசித்த ஒருவர் ஆள் குறைவான வரிசைக்கு மாறி வேறொரு வால்வுக் கருவியை எடுத்தால், அதே எழுத்துக்கு அதே வால்வை அழுத்தினால் போதும்.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கலைஞர் ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு அடிக்கடியும் விரைவாகவும் மாறும் இடத்தில் எழுத்து விரலைத் தொடர்கிறது. அப்படி மாறத் தேவையில்லாத இடத்தில் ஒலியைத் தொடர்கிறது. கிளாரினெட் கலைஞர் ஒரே படைப்பின் நடுவில், சில பார் ஓய்வுக்குள், மவுத்பீஸைக் கழற்றிக் குளிர்ந்து கிடக்கும் ஏ கிளாரினெட்டில் பொருத்தி ஊதத் தொடங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் விரல் அட்டவணையையும் மாற்றச் சொல்வது அதிகம்.

கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு ஒரு குழப்பம் எழலாம். ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டிலும் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனிலும் 'ஸ' இடம்பெயரக்கூடியது. சுருதி எந்தக் கட்டையானாலும் ஆதார ஸ்வரத்தின் பெயர் ஸட்ஜம்தான். டிரான்ஸ்போஸ் செய்த தாளின் 'சி' அத்தகையது அல்ல. 'ஸ' ராகத்துக்குள் ஒரு ஸ்வரத்தின் இடத்தைச் சொல்கிறது. கிளாரினெட் தாளின் 'சி' ஒரு விரல் நிலையைச் சொல்கிறது. ஆதார ஸ்வரம் எதுவாக இருந்தாலும் அந்த நிலை மாறாது.

6. மாற்றி எழுதும் முறை

தேவையானவை இரண்டு எண்கள்: எத்தனை அரைச்சுரம், எத்தனை எழுத்து. ஒலிக்க வேண்டிய ஸ்வரத்திலிருந்து பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எழுதும்போது இரண்டு அரைச்சுரம், ஓர் எழுத்து மேலே போக வேண்டும். ஏ கிளாரினெட்டுக்கு மூன்று அரைச்சுரம், இரண்டு எழுத்து. ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஒன்பது அரைச்சுரம், ஐந்து எழுத்து. டெனருக்கு பி ஃப்ளாட் கிளாரினெட்டின் கணக்கோடு இன்னொரு ஸ்தாயி.

மேஜர் குறியும் கூடவே மாறும். பி ஃப்ளாட் கருவிக்கு இரண்டு ஷார்ப் கூட்டுவது, இ ஃப்ளாட் கருவிக்கு மூன்று ஷார்ப் கூட்டுவது, ஏ கிளாரினெட்டுக்கு மூன்று ஷார்ப் கழிப்பது. ஃப்ளாட் இருந்தால், ஒரு ஷார்ப் கூட்டுவது ஒரு ஃப்ளாட்டை நீக்குவதற்குச் சமம்.

பி ஃப்ளாட் மேஜரின் பி ஃப்ளாட், டி, எஃப் என்ற மூன்று ஸ்வரங்களை எடுத்துக்கொள்வோம். குறியில் இரண்டு ஃப்ளாட்கள். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எழுதினால் இரண்டு ஃப்ளாட்களும் நீங்கி சி, இ, ஜி. ஆல்டோவுக்கு இரண்டு ஃப்ளாட்களும் போய் ஒரு ஷார்ப் மிஞ்சும்: ஜி, பி, டி. ஊதுகருவி பேண்டுகள் பி ஃப்ளாட்டையும் இ ஃப்ளாட்டையும் விரும்புவதன் காரணம் இங்கே தெரிகிறது. மாறாக கிட்டார் கலைஞர்களுக்குப் பிடித்த இ மேஜரில் ஆல்டோவை வாசிக்கச் சொன்னால், நான்கு ஷார்ப்களோடு மூன்று சேர்ந்து ஏழாகிவிடும்.

எழுத்து எண்ணை மறப்பதால் வரும் பிழை பரவலானது. எஃப் ஷார்ப் ஒலிக்க வேண்டுமானால் பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு ஜி ஷார்ப் என்று எழுத வேண்டும். ஏ ஃப்ளாட் என்று எழுதினாலும் ஒலி அதேதான். ஆனால் ஷார்ப் மேஜரின் நடுவே அந்த ஃப்ளாட் வாசிப்பவரைத் தடுக்கி விழச் செய்யும்.

7. பிழையை எப்படி அறிவது

ஒத்திகையில் முதலில் கவனிக்க வேண்டியது முரண்பாட்டின் அளவு. கிளாரினெட்டுக்கும் பியானோவுக்கும் இடையே தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே இடைவெளி நீடித்தால் பிழை தாளிலோ கருவியிலோ இருக்கிறது, விரலில் இல்லை. இரண்டு அரைச்சுரம் தாழ்ந்து ஒலித்தால், பியானோ தாளை மாற்றாமல் கிளாரினெட் கலைஞருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓர் அரைச்சுரம் உயர்ந்து ஒலித்தால், ஏ கிளாரினெட்டுக்கான தாளை பி ஃப்ளாட் கருவியில் வாசிக்கிறார். இடைவெளி இடத்துக்கு இடம் மாறினால்தான் ஸ்வரப் பிழையைத் தேட வேண்டும்.

சுருதி சேர்ப்பதும் நல்ல சோதனை. ஓபோ ஏ கொடுக்கும்போது பி ஃப்ளாட் கிளாரினெட்டும் டெனரும் தம் தாள்முறையில் பி ஊத வேண்டும். ஏ கிளாரினெட் சி. ஆல்டோ எஃப் ஷார்ப். எல்லோரும் "ஏ" என்ற பெயருக்கான விரலை வைத்தால் சுருதி ஒருநாளும் சேராது.

ஸ்தாயிப் பிழை இன்னும் நுட்பமானது. ஆல்டோவுக்கு ஒன்பது அரைச்சுரம் மேலே போவதற்குப் பதிலாக மூன்று அரைச்சுரம் கீழே வந்தாலும் ஸ்வரப் பெயர் சரியாகவே வரும். ஆனால் இசை ஒரு ஸ்தாயி தாழ்ந்துவிடும். தாளில் கீழ் பி ஃப்ளாட்டுக்கும் கீழே ஸ்வரங்கள் விழுந்திருந்தால் அது இந்தப் பிழையின் அடையாளம். ஆல்டோவில் அவற்றுக்குச் சாவியே இல்லை.

கணினியில் எழுதுவோர் இரட்டை மாற்றத்தில் சிக்குகிறார்கள். MuseScore மென்பொருளில் `Concert Pitch` பொத்தான் இயங்கும்போது திரையில் ஒலிக்கும் ஸ்வரங்களே தெரியும். அந்த நிலையில் கையால் மாற்றிய ஸ்வரங்களை உள்ளிட்டு, பின் பொத்தானை அணைத்து அச்சிட்டால், மென்பொருள் இன்னொரு முறை மாற்றும். பி ஃப்ளாட் கருவியின் தாள் நான்கு அரைச்சுரம் உயர்ந்து நிற்கும்.

8. முடிவுரை

டிரான்ஸ்போசிங் எழுத்தின் சுமை இல்லாமலில்லை. பல கருவிகளின் வரிகள் வெவ்வேறு மேஜர்களில் நிற்கும் ஸ்கோரைப் பார்த்து ஒரு ஹார்மனியை மனத்தில் கேட்க நடத்துநர் பயிற்சி பெற வேண்டும். சுருதியைத் துணையின்றி அறியும் காது உள்ளவருக்குத் தாள் ஒன்றும் காது ஒன்றும் சொல்லும். இதனாலேயே ப்ரோகோஃபியெவ் தம் ஸ்கோர்களை ஒலிக்கும் சுருதியில் எழுதினார்; ஷோன்பெர்க்கும் அதே வழியை மேற்கொண்டார். அப்போதும் கலைஞர்களின் மேசையில் வைக்கும் தனித் தாள்கள் டிரான்ஸ்போஸ் செய்தே அச்சாகின்றன.

அந்தப் பிரிவினைதான் இன்றைக்கும் நியாயமான தீர்வு. ஸ்கோரைப் படிப்பவருக்கு ஒலி தேவை. தனித் தாளைப் படிப்பவருக்கு விரல் தேவை. மோட்சார்ட் காலத்து ஐந்து சாவிக் கருவியின் குறை கிளாரினெட்டில் இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. சாக்ஸ் அதைத் தம் கருவிக் குடும்பத்தின் விதியாக்கினார். கருவி மாற்றும் கலைஞரின் வேலைமுறை அதைக் காத்துவருகிறது. கிளாரினெட்டுக்கோ சாக்ஸபோனுக்கோ இசை எழுத முன்வருபவர், எழுதத் தொடங்குமுன் வாசிக்கப்போகிறவரிடம் எந்தச் சுருதிக் கருவி என்று கேட்டுக்கொள்வது நல்லது.